தொண்டை வலித்த மறுநாள் சிவந்த சிறுநீர்

19 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு வியாழக்கிழமை தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலையில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறது. எரிச்சல் இல்லை, ரத்தக்கட்டியும் இல்லை. "உடம்புச் சூடுதான், இளநீர் குடிடா" என்கிறார் அம்மா. நாலு நாளில் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. இளநீரால்தான் சரியானது என்று வீட்டில் நம்பிவிடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. தொண்டைப் புண் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் சிவந்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். வலி வந்த ஓரிரு நாளிலேயே சிவந்தால் ஐஜிஏ நெஃப்ரோபதியைச் சந்தேகிக்க வேண்டும்.

தொண்டையையும் குடலையும் காக்கும் எதிர்ப்புப் புரதம்தான் ஐஜிஏ. சிலருடைய உடலில் அதன் ஒரு பகுதி, இருக்க வேண்டிய சர்க்கரைத் துணுக்கு இல்லாமல் உருவாகிறது. உடல் அதையே அந்நியமாக நினைத்து எதிர்க்கிறது. இரண்டும் பிணைந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிகின்றன. தொற்று வரும்போது அழற்சி மூண்டு ரத்த அணுக்கள் கசிகின்றன. 1968இல் பாரிஸில் ஜான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்லேயும் இந்தப் படிவைக் கண்டு சொன்னார்கள். இன்றும் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் நோய் உறுதியாகும்; ஸ்கேனில் தெரியாது.

சிவப்பைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறோம். ஆனால் சிறுநீரகத்தின் எதிர்காலத்தைச் சொல்வது சிவப்பைவிட, நுரைக்கும் சிறுநீரில் ஒழுகும் புரதம்தான். அந்த மாணவன் மூன்று மாதம் கழித்துப் பரிசோதிக்கிறான். ஒரு நாளைக்கு 1.2 கிராம் புரதம் போகிறது, ரத்த அழுத்தம் 146/94. கிரியாட்டினின் 1.1தான். இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது பெரிய ஆபத்து. சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகே பலருக்கு அது தெளிவாக ஏறுகிறது.

சிகிச்சையின் நோக்கம் புரதத்தை நாளைக்கு அரை கிராமுக்குக் கீழே கொண்டுவருவது. வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற மாத்திரையும் உப்புக் குறைப்பும் முதல் படி. அடங்காவிட்டால் ஸ்டீராய்டு; சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கரையும் புதுவகை புடெசோனைடும் வந்திருக்கிறது. தொண்டை வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது.

மெதுவாகப் போகும் நோய் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில் பலருக்குச் சில ஆண்டுகளிலேயே சிறுநீரகத் திறன் வேகமாகக் குறைந்தது. புரதமே ஒழுகாதவர்களுக்கும் பத்து வருஷம் கழித்து ஒழுகத் தொடங்கலாம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர்ப் புரதம், ரத்த அழுத்தம், கிரியாட்டினின் மூன்றையும் ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினாலும் அதிலும் இதே படிவு திரும்ப வரலாம்.