மூன்று நாளில் சேலம், நாமக்கல் - மாமியாரையும் கூட்டிக்கொண்டு!

"அண்ணி, மே மாசம் லீவுக்கு நாங்க நாலு பேரும் வர்றோம். மூணு நாள் இருப்போம். இந்தத் தடவையாவது எல்லாத்தையும் ஒழுங்காப் பார்த்துடணும்" என்று சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தபோது, அந்த "இந்தத் தடவையாவது" என்ற வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது.

காரணம் இருக்கிறது. நாலு வருஷம் முன்பு அவர்கள் வந்திருந்தபோது ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை நான்தான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் காலையில் ஏற்காடு, இறங்கி வந்து தாரமங்கலம். இரண்டாம் நாள் மேட்டூர், அப்புறம் திருச்செங்கோடு. மூன்றாம் நாள் நாமக்கல், மதியத்துக்கு மேல் கொல்லிமலை. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நாளைக்கு இரண்டு இடம்தானே, என்ன கஷ்டம் என்று தோன்றும். நடந்ததைக் கேளுங்கள். ஏற்காட்டில் இருந்து இறங்கித் தாரமங்கலம் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அவ்வளவு பேர் பெற்ற சிற்பங்களை அரை இருட்டில் தடவிப் பார்த்தோம். கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததே நாலு மணிக்கு மேல். ஆகாய கங்கை அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரருக்கு என் மாமியார் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மேட்டூரில் குழந்தைகள் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து திருச்செங்கோடு சுமார் 60 கிலோமீட்டர். நாங்கள் அடிவாரத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, மலைக்குப் போக முடியவில்லை. அத்தை வேனுக்குள் இருந்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "போகட்டும் விடு கண்ணு, அப்பன் இன்னொரு நாள் கூப்பிடுவான்" என்றார். இப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இன்னொரு தடவை தவறவிட எனக்குத் தைரியம் இல்லை.

அன்று ராத்திரி காலண்டர் தாள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, நடுவில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தேன். அதுதான் சேலம். பார்க்க வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புளியங்கொட்டை. வடக்கே ஏற்காடு. வடமேற்கில் மேட்டூர். மேற்கே தாரமங்கலம். தென்மேற்கில் சங்ககிரியும் திருச்செங்கோடும். நேர் தெற்கே நாமக்கல். தென்கிழக்கில் கொல்லிமலை. இப்படி வைத்துப் பார்த்த உடனேயே என் பழைய முட்டாள்தனம் எனக்கே தெரிந்துவிட்டது. வடக்கே போய்விட்டு மேற்கே, வடமேற்கே போய்விட்டுத் தென்மேற்கே என்று, கோலத்தில் புள்ளி தப்பியவள் மாதிரி இழுத்திருக்கிறேன்!

பிறகு ஒரு நூலை எடுத்து, சேலத்தில் தொடங்கிச் சேலத்திலேயே முடிகிற மாதிரி வளையமாகப் போட்டுப் பார்த்தேன். போன வழியே திரும்பாமல், வேறு வழியாகத் திரும்ப முடிகிற இடங்களை ஒரு நாளில் சேர்ப்பதுதான் கணக்கு. திருச்செங்கோடு சேலத்தில் இருந்து சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து நாமக்கல் சுமார் 35. நாமக்கல்லில் இருந்து சேலம் சுமார் 55. மூன்றும் சேர்ந்து 135. இதையே இரண்டு தனித் தனி நாளில் போய் வந்தால் 200 ஆகிவிடும். அதே மாதிரி சேலம், தாரமங்கலம், நங்கவள்ளி வழியாக மேட்டூர், திரும்பும்போது மேச்சேரி, ஓமலூர் வழியாகச் சேலம் என்று இன்னொரு வளையம் கிடைத்தது.

தூரத்தை மட்டும் நம்பினால் இங்கேயும் ஏமாந்துதான் போவோம். சமவெளி ரோட்டில், டீ குடிக்க நிற்பது, பாத்ரூம் போவது எல்லாம் சேர்த்து, மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மலைப் பாதையில் அதில் பாதிதான். நாமக்கல்லுக்குப் பக்கத்தில்தான் கொல்லிமலை என்று எல்லோருமே சொல்கிறார்கள். அடிவாரத்துக் காரவள்ளி பக்கம்தான். ஆனால் காரவள்ளியில் இருந்து மேலே போவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஏற்காட்டுக்கு 20தான். கொல்லிமலை மேலே போன பிறகும் செம்மேட்டில் இருந்து கோயிலுக்குத் தனியாகப் போக வேண்டும். அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி, அவ்வளவையும் திரும்ப ஏற வேண்டும். ஏறி வர மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஆக, கொல்லிமலை நாமக்கல்லின் பக்கத்து வீடு இல்லை. அதற்கு முழுசாக ஒரு நாள் வேண்டும், ராத்திரி அங்கேயே தங்கினால் இன்னும் நல்லது. முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு அதைத் தொட வேண்டாம் என்று அந்தப் புளியங்கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். நாத்தனார் மகனுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று.

அடுத்து நேரம். நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலை மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 4.30 மணிக்குத்தான் திறப்பார்கள். பெரும்பாலான கோயில்களில் இப்படி ஒரு மதிய இடைவேளை இருக்கிறது. நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாத இந்த நேரங்களை முதலில் எழுதிக்கொண்டு, அணை, ஏரி, பூங்கா போன்றவற்றை மிச்ச நேரத்தில் வைக்க வேண்டும். விசேஷ நாளில் நேரம் மாறும். ஆகையால் முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை ஆஞ்சநேயரிடம் கூட்டம் நெரியும். சனி, ஞாயிறு என்றால் ஏற்காட்டுப் பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும். அவர்கள் வந்தது புதனில் இருந்து வெள்ளி வரை. புதன் ஏற்காடு, வியாழன் திருச்செங்கோடு - நாமக்கல், வெள்ளி தாரமங்கலம் - மேட்டூர் என்று முடிவு செய்தேன். அத்தையின் வேண்டுதலைக் கடைசி நாளுக்கு வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடு நாளில் வைத்தால், ஏதாவது தடங்கல் வந்தாலும் மறுநாள் கையில் இருக்கிறது.

ஏற்காட்டுக்குள்ளேயும் இதே கணக்குத்தான். ஏரி, அதன் பக்கத்திலேயே அண்ணா பூங்கா. இவை ஒரு கட்டு. சேர்வராயன் குகைக் கோயிலும் பகோடா பாயிண்டும் ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு பக்கம். லேடீஸ் சீட் சேலத்தைப் பார்த்த சரிவில். தூரத்தில் உள்ளவற்றைக் காலையில் முடித்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு ஏரிக்கரைக்கு வந்து, கடைசியில் லேடீஸ் சீட் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினோம். அங்கிருந்து ராத்திரியில் சேலத்து விளக்குகளைப் பார்ப்பது கொள்ளை அழகு. அதற்கு மேலே தங்க வேண்டும். காலையில் பூரிக்குப் பதில் ஆளுக்கு இரண்டு இட்லி மட்டும் கொடுத்ததால் வளைவுகளில் யாருக்கும் வாந்தி வரவில்லை.

வியாழக்கிழமை காலை 6.30க்குக் கிளம்பியாயிற்று. 8 மணிக்குள் திருச்செங்கோடு அடிவாரம். படி வழியாகப் போனால் சுமார் 1200 படிகள். பாறையில் செதுக்கிய பெரிய நாகமும், அறுபதாம் படியும் அந்த வழியில்தான். என் வீட்டுக்காரரும் பையன்களும் அப்படி ஏறினார்கள். நாங்கள் மலை ரோட்டில் வேனிலேயே மேலே போய்விட்டோம். கூட்டம் இல்லை. பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சுவாமியை அத்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பாதத்தடியில் ஊறுகிற தீர்த்தத்தைக் கையில் வாங்கியபோது அவர் கை நடுங்கியது. "போன தடவை கீழே இருந்து கும்பிட்டேனே, அது கேட்டிருக்குது பாரு" என்று என் காதோடு சொன்னார். நான் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவே அரை மணி அதிகம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

கீழே இறங்கியதும், "சங்ககிரிக் கோட்டை இங்கேருந்து பக்கம்தானே, தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட இடமாச்சே, ஒரு எட்டு பார்த்துடலாமே" என்றார் நாத்தனார் கணவர். பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை மலை உச்சியில். வாசலுக்கு மேல் வாசலாக ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், அதுவும் மே மாத வெயிலில். அதைச் சேர்த்தால் நாமக்கல் போச்சு. ஒரு வளையத்தைக் கெடுப்பது எப்போதுமே இந்தப் "பக்கம்தானே"தான். "அண்ணா, அதைக் கொல்லிமலையோட சேர்த்து மார்கழியில் வச்சுக்கலாம்" என்று சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னேன்.

வழியில் ஒரு டயர் பஞ்சராகி முக்கால் மணி போயிற்று. நாமக்கல் சேரும்போது 12.20. ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரையே இல்லாமல், எதிரே குடைவரையில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்து நிற்கிறார். இரண்டு சந்நிதிக்கும் இடையே சில நிமிஷ நடைதான். சாத்துவதற்குள் ஆஞ்சநேயர் தரிசனம் ஆனது, நரசிம்மர் கிடைக்கவில்லை. அதனால் யாரும் கலங்கவில்லை. அன்றைக்கு வேறு இடமே வைத்துக்கொள்ளவில்லையே! சாப்பிட்டுவிட்டு, ஒரு லாட்ஜில் அறை எடுத்து அத்தையைப் படுக்க வைத்தோம். மதியத்தில் பாறைக் கோட்டைக்கு ஏறினால் பாதம் வெந்துவிடும். பிள்ளைகள் ஐந்து மணிக்கு ஏறினார்கள், நாங்கள் நரசிம்மரைப் பார்த்தோம். எட்டு மணிக்கு வீடு.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. மேட்டூர் என்றால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு அணையைவிட அங்கே சுடச்சுடப் பொரிக்கும் மீன்தான் ஞாபகம் வரும். மீன் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் அத்தை வர மாட்டார். ஆகவே தாரமங்கலம் முதலில், மேட்டூர் பிறகு. காலை வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் சிற்பங்களைப் பார்த்தோம். ராமர் நிற்கிற தூணில் இருந்து பார்த்தால் வாலி தெரிகிறார், வாலியிடம் இருந்து பார்த்தால் ராமர் தெரியவில்லை. சிங்கத்தின் வாய்க்குள் உருளுகிற கல் குண்டை நாத்தனார் மகள் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். மேட்டூரில் மணிக்கணக்கு வைக்கவில்லை. 1934-இல் கட்டி முடித்த அந்த அணையைப் பார்த்துவிட்டுப் பூங்கா நிழலில் பாயை விரித்தோம். எலுமிச்சை சாதம், பால் ஊற்றிப் பிசைந்ததால் புளிக்காத தயிர் சாதம், அவரவருக்கு மீன்.

திரும்பும்போது ஓமலூர் தாண்டியதும் அத்தை என் பக்கம் திரும்பி, "ஏன் கண்ணு, அந்தக் கொல்லிமலைக் கொட்டையை எங்கே வச்சே? தூக்கிப் போட்டுடலையே?" என்றார். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்றேன்.