துண்டிக்கப்பட்ட எண்: மீட்கவும் இழப்பீடு கேட்கவும் எழுதும் கடிதம்

கைப்பேசி எண்ணை நிறுவனம் தவறுதலாகத் துண்டித்துவிட்டால், அதன்பின் அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் உரியவருக்குத் தெரியவே வராது. போன் அணைந்திருந்தாலோ டவர் கிடைக்காவிட்டாலோ, இன்னார் அழைத்தார் என்று பிறகு குறுஞ்செய்தி வரும். துண்டிக்கப்பட்ட எண்ணுக்கு அதுவும் கிடையாது. நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்தே எண் நீக்கப்பட்டுவிடுவதால், அழைத்தவர் காதில் “இந்த எண் உபயோகத்தில் இல்லை” என்ற அறிவிப்பு விழுவதோடு விஷயம் முடிந்துவிடும். எத்தனை பேர் அழைத்தார்கள், யார் யார் என்பது எண்ணை மீட்ட பிறகும் தெரியாது. இழப்பீடு கேட்டு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நட்டம் உண்மையாகவே நடந்திருக்கும். காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதற்கான ஆதாரம் அழைத்தவர்களின் போன்களில் இருக்கிறது, அதுவும் சில நாட்களில் அழிந்துபோகும்.

முதலில் எண் உண்மையிலேயே துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிம்மை வேறொரு போனில் போட்டும் சிக்னல் வராவிட்டால், அடுத்தவர் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பார்க்கலாம். “அணைத்து வைக்கப்பட்டுள்ளது”, “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்று வந்தால் எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழுது சிம்மிலோ டவரிலோ இருக்கக்கூடும். “உபயோகத்தில் இல்லை”, “சரிபார்க்கவும்” என்று வந்தால் துண்டிப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இந்த அறிவிப்பை இன்னொரு போனில், தேதியும் நேரமும் தெரியும்படி அன்றே பதிவு செய்துவைப்பது பின்னால் பெரிதும் உதவும். வேறு யாரோ போலி ஆவணம் கொடுத்து அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தாலும் கையிலுள்ள சிம் செத்துப்போகும். அப்போது அழைப்பு மணி அடிக்கும், வேறு எவரோ எடுப்பார். அது துண்டிப்பு அல்ல, திருட்டு. முதல் வேலையாக வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தவறான துண்டிப்புக்குக் காரணங்கள் பல. போஸ்ட்பெய்டில் கட்டிய பணம் கணக்கில் ஏறாமல் போகலாம். வேறு ஒருவர் தன் எண்ணை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பத்தில் ஓர் இலக்கம் மாறலாம். அடையாள மறுசரிபார்ப்பில் ஆவணம் பொருந்தவில்லை என்று முடிவாகலாம். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தன் பெயரிலுள்ள எண்களைப் பார்க்கும் ஒருவர், வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தும் எண்ணைத் தெரியாமல் “என்னுடையது அல்ல” என்று குறித்துவிடுவதும் உண்டு. பிரீபெய்டு எண்ணைப் பயன்படுத்தவில்லை என்று நிறுத்துவதற்கு மட்டும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தெளிவான வரம்பு வைத்திருக்கிறது. 2013 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, 90 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் இருந்த எண்ணை அந்தக் காரணத்துக்காகத் துண்டிக்கக் கூடாது. வந்த அழைப்பும் பயன்பாடாகவே கணக்கிடப்படும். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை நீட்டித்துத் தர வேண்டும். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. ரீசார்ஜ் காலம் முடிந்து அழைப்புகள் நின்றுபோவது வேறு விஷயம். அதை இந்த விதியோடு குழப்பிக்கொண்டு எழுதப்படும் கடிதம் முதல் பதிலிலேயே தள்ளப்பட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். சிறு நகரம் ஒன்றில் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலாளி ஒருவர். கடையில் அவர் ஒருவர்தான். பழுது பார்த்துக் கொடுத்த ஒவ்வொரு மோட்டாரிலும் தன் எண் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார். கிணற்றடியில் மோட்டார் நின்றால் விவசாயி அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அழைப்பார். கடை எங்கே என்றுகூடப் பலருக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை எண் போய்விடுகிறது. ரீசார்ஜ் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, ஞாயிறு இரவுவரை பேசியும் இருக்கிறார். மதியம் வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து “என்னண்ணே, நம்பரை மாத்திட்டீங்களா?” என்று கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு போனிலிருந்து 198-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குவது. 2012-ஆம் ஆண்டின் புகார் தீர்வு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் கொடுத்தாக வேண்டும். ஷோரூமில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அது எந்தப் பதிவிலும் ஏறாது. ஊழியர் “புது சிம் வாங்கிக்கோங்க, வேற நம்பர் தரோம்” என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. பழைய எண் வேண்டாம் என்று அவரே விட்டதாக அது எடுத்துக்கொள்ளப்படக்கூடும்.

அடுத்தது கடிதம். பலரும் இழப்பீட்டில் தொடங்குகிறார்கள். ஆனால் முதல் கோரிக்கை, எண்ணை வேறு எவருக்கும் ஒதுக்கக் கூடாது என்பதாக இருக்க வேண்டும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்பது நடைமுறை. அந்தக் காலம் கடந்து எண் கைமாறிவிட்டால் மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம். எனவே கடிதம் இப்படித் தொடங்கலாம்: “மேற்படி எண் என் பெயரில் உள்ளது, ரீசார்ஜ் செல்லுபடியாகும் காலத்தில், எனக்கு எந்த அறிவிப்பும் இன்றி, திங்கள் காலை முதல் துண்டிக்கப்பட்டுள்ளது. அதை வேறு எவருக்கும் ஒதுக்காமல் நிறுத்திவைத்து, உடனே என் பெயரிலேயே மீட்டுத் தரும்படி கோருகிறேன்.” இதன்கீழ் புகார் எண், கடைசி ரீசார்ஜ் தேதி, சிம் அட்டையின் பின்னால் அச்சிட்டுள்ள நீண்ட எண் ஆகியவை வர வேண்டும்.

இரண்டாவது, விளக்கம். “ஏன் துண்டித்தீர்கள்?” என்று மட்டும் கேட்டால் “தொழில்நுட்பக் காரணம்” என்று ஒரு வரியில் பதில் வந்து நிற்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த விதியின்கீழ் துண்டிக்கப்பட்டது? யார் கொடுத்த விண்ணப்பம் அல்லது உத்தரவு? முன்னறிவிப்பு அனுப்பியிருந்தால் எப்போது, எந்த எண்ணுக்கு? மாற்று சிம் ஏதும் வழங்கப்பட்டதா? இப்படித் தனித்தனியாகக் கேட்டால் நழுவ இடமிருக்காது. இந்தப் பதிலில்தான் பொறுப்பு யாருடையது என்பது தெரியவரும். தொலைத்தொடர்புத் துறையோ காவல்துறையோ சொல்லி நிறுவனம் துண்டித்திருந்தால், நிறுவனம் தானாகத் திருப்பித் தர முடியாது. மறுசரிபார்ப்பு முடிய வேண்டும், இழப்பீட்டுக் கோரிக்கையும் அங்கே வலுவிழக்கும். நிறுவனத்தின் சொந்தத் தவறு என்றால் நிலைமை வேறு.

மூன்றாவதுதான் பணம். “பெரும் வியாபார நட்டம், ஐந்து லட்சம் தரவும்” என்று எழுதும் கடிதத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. நட்டத்தைக் கணக்காகக் காட்ட வேண்டும். காயில் கட்டுபவரின் கூலி வரவு பெரும்பாலும் யுபிஐ வழியாக வருகிறது; மீதி ஒரு நோட்டில் இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் பொருள் விலையைக் கழித்தபின் ஒரு வேலை நாளின் சராசரிக் கூலி 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண் இல்லாத நாட்களில் அது 450-க்கு இறங்கியிருக்கிறது. வித்தியாசம் நாளுக்கு 950. மறுவாரம் வியாழன் காலைதான் எண் திரும்பியது என்றால், ஞாயிறு நீங்கலாக ஒன்பது வேலை நாட்களுக்கு 8,550 ரூபாய். ஷோரூமுக்கு மூன்று முறை போய்வந்த செலவு 360. அந்தப் பத்து நாளுக்கு வீணான ரீசார்ஜ், நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் 100. ஆக 9,010 ரூபாய். மன உளைச்சலுக்கான தொகையை இதில் கலக்காமல் தனியாகக் கேட்க வேண்டும். எண் திரும்பும் முன்பே கடிதம் போவதால், அதில் “நாள் ஒன்றுக்கு 950 ரூபாய் வீதம், எண் மீளும் நாள்வரை” என்று எழுதிவிட்டு, மொத்தத் தொகையைப் பின்னர் தெரிவிப்பதே சரி.

வரவு குறைந்ததற்கும் எண் போனதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும். மழை பெய்து மோட்டார் ஓடாத வாரமாக இருந்தால் வேலை தானாகவே குறைந்திருக்கும் என்று நிறுவனம் வாதிடலாம். இங்கேதான் அழைத்தவர்களின் போன் வேண்டும். அழைத்துக் கிடைக்காமல் போன நான்கைந்து பேரிடம் அவர்கள் போனின் அழைப்புப் பட்டியலை, அந்த எண்ணும் தேதியும் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்க வேண்டும். வேலையை வேறு கடையில் கொடுத்தவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால் அதன் மதிப்பு அதிகம்: எந்தத் தேதி, என்ன வேலை, எவ்வளவு கூலி. இப்படி மூன்று தாள் இருந்தால், நூறு அழைப்பு தவறியது என்ற வெறும் மதிப்பீட்டைவிட வலிமையானது. பெரிய ஒப்பந்தம் ஒன்று கைநழுவியது என்ற கோரிக்கை பெரும்பாலும் நிற்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக விளைந்த இழப்புக்கே ஈடு தருகிறது. தொலைவான, மறைமுகமான நட்டத்துக்குத் தருவதில்லை.

கடிதத்துக்குச் சரியான பதில் வராவிட்டாலோ புகாரை நிறைவின்றி முடித்துவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் உள்ள இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தந்திச் சட்டத்தில் நடுவர் ஏற்பாடு இருப்பதால் நுகர்வோர் ஆணையம் தலையிட முடியாது என்று நிறுவனங்கள் பல ஆண்டு வாதிட்டு வந்தன. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா – அஜய்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அங்கே எழும் இன்னொரு தடை, “வணிக நோக்கம்”. லாப நோக்கில் நடக்கும் நிறுவனம் தன் எண்ணுக்காக வந்தால், நுகர்வோர் அல்ல என்று திருப்பி அனுப்பப்படலாம். தன் உழைப்பால் பிழைப்பு நடத்தும் காயில் கட்டுபவருக்கு அந்தத் தடையைத் தாண்ட வழி உண்டு. சுயதொழிலால் வாழ்வாதாரம் தேடுவதற்கான பயன்பாடு என்பதைப் புகார் மனுவில் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். மனுவை அவர் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

இடையில் நிறுவனம் ஒரு மாத இலவச ரீசார்ஜ் தருவதாகச் சொல்லி, “பிரச்சினை தீர்ந்தது” என்று ஒப்புதல் கேட்கும். எண்ணை மீட்டுக் கொடுத்த அன்றே அந்தக் குறுஞ்செய்தி வரக்கூடும். அதற்கு, எண் மீண்டதை மட்டும் ஒப்புக்கொண்டு, இழப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது என்று எழுத்தில் பதில் அனுப்பி, அதன் நகலைக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.