'சிரிங்க' என்று சொல்லாதீர்கள்

கல்யாண போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்றதும் மாப்பிள்ளையின் பல் தெரியும். கண் மட்டும் மிரண்டபடியே இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே இதற்குக் காரணம் சொல்லிவிட்டார். உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ, உள்ளே மகிழ்ச்சி எழுந்தால்தான் சுருங்கும் என்பது அவர் கருத்து. படத்தில் வாயைக் கையால் மறைத்துப் பாருங்கள்: கீழ் இமை சற்று மேலேறி, கடைக்கண்ணில் சுருக்கம் விழுந்திருந்தால் அது நிஜச் சிரிப்பாக இருக்கலாம்.

அதனால் உணர்ச்சியைக் கேட்காமல் ஒரு வேலையைக் கொடுப்பதே நல்லது. "பந்தியில என்னென்ன போட்டாங்கன்னு அவங்க காதுல ரகசியமா சொல்லுங்க, செய்தி வாசிக்கிற குரல்ல" என்று மாப்பிள்ளையிடம் சொன்னால், மூன்றாவது கூட்டுக்குள் மணப்பெண் சிரித்துவிடுவார். சிரிப்பின் உச்சத்தில் கண் மூடிக்கொள்ளும், வாய் கோணும். அது தணிந்து மூச்சு வாங்கும் அடுத்த நொடிதான் நமக்கு வேண்டியது. ஆகவே 1/250 நொடி வேகத்தில் விடாமல் தொடர்ந்து எடுக்க வேண்டும். அதே வேடிக்கை இரண்டாம் முறை பலிக்காது.

உடம்புக்கும் இதே வழிதான். "இயல்பா நில்லுங்க" என்றால் தோள் காதுவரை ஏறும். "ஒரு கால்ல பாரத்தைப் போடுங்க, மூச்சை விடுங்க" என்றால் தோள் தானாக இறங்கும். எங்கே வைப்பதென்று தெரியாத கைக்கு மாலையின் நுனியோ புடவைத் தலைப்போ போதும்.