ஒரே இலக்கு, பல கேம்பெயின்கள்

கூகுள் ஆட்ஸில் ஒரு கேம்பெயினுக்கு ஓர் இலக்கு வைப்பது வழக்கம். 'ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 500 ரூபாய் விளம்பரச் செலவு' என்று சொன்னால், ஒவ்வொரு தேடலுக்கும் எவ்வளவு ஏலம் கேட்பது என்பதை மென்பொருளே தீர்மானிக்கும். பல கேம்பெயின்களை ஒன்றாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இலக்கை வைக்கும் ஏற்பாட்டுக்கு போர்ட்ஃபோலியோ ஏல உத்தி என்று பெயர். இதில் 500 ரூபாய் என்பது மொத்தத் தொகுப்பின் சராசரி. தனி கேம்பெயின் ஒவ்வொன்றும் அதற்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த ஏற்பாட்டின் பலமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன.

பலம் எங்கே என்பதை முதலில் பார்க்கலாம். ஒரே பொருளை ஆறு நகரங்களில் விற்கும் கடை, நகரத்துக்கு ஒன்றாக ஆறு கேம்பெயின் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மாதம் எட்டு ஆர்டர் வருகிறது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு மாதம் ஐந்தும் அடுத்த மாதம் பதினொன்றும் வருவது சாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து இலக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் தற்செயலைத் துரத்தும் வேலை. ஆறையும் சேர்த்தால் மாதம் 48 ஆர்டர். அதன் சராசரி இவ்வளவு தள்ளாடாது. ஒரு நகரம் மந்தமாக இருக்கும் வாரத்தில் இன்னொன்று ஈடுகட்டும். ஆனால் இந்தச் சேர்க்கை நியாயமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த நகரத்திலிருந்து வந்தாலும் ஓர் ஆர்டர் கடைக்குத் தரும் லாபம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கணினி கற்றுக்கொள்ளவே போர்ட்ஃபோலியோ தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சரியல்ல. கூகுளின் தானியங்கி ஏலம், தனித்தனியாக இயங்கும் கேம்பெயின்களிலும், கணக்கு முழுவதிலும் உள்ள தரவைப் பயன்படுத்திக்கொள்கிறது. போர்ட்ஃபோலியோ முக்கியமாகப் பொதுவாக்குவது இலக்கைத்தான். தினசரி பட்ஜெட்டும் தானாக இடம் மாறாது. அதற்குப் பகிர்வு பட்ஜெட்டைத் தனியாக அமைக்க வேண்டும்.

இனி ஆபத்து. இணையத்தில் மரச்சாமான் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அது 500 ரூபாய் இலக்கின்கீழ் மூன்று கேம்பெயின்களைச் சேர்த்திருக்கிறது. கடையின் பெயரையே தேடுவோருக்கான கேம்பெயினில் ஒரு மாதத்தில் 60 ஆர்டர், செலவு 9,000 ரூபாய். மெத்தை கேம்பெயினில் 40 ஆர்டர், 24,000 ரூபாய். சோபாவில் 15 ஆர்டர், அதற்கும் 24,000 ரூபாய். மொத்தம் 115 ஆர்டருக்கு 57,000 ரூபாய்; சராசரி 496. இலக்கு நிறைவேறிவிட்டது என்று அறிக்கை காட்டும்.

பிரித்துப் பார்த்தால் கதை வேறு. கடைப் பெயர் கேம்பெயினில் ஓர் ஆர்டருக்கு 150 ரூபாய், மெத்தையில் 600, சோபாவில் 1,600. முதலாவது கேம்பெயின் இலக்கைவிட 21,000 ரூபாய் குறைவாகச் செலவழித்திருக்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்து இலக்கைத் தாண்டியது 20,500 ரூபாய். கடையின் பெயரைத் தேடுவோர் எண்ணிக்கை அளவானது. எவ்வளவு கூட்டி ஏலம் கேட்டாலும் அங்கே புதிய தேடல் பிறக்காது. அதனால் மிச்சமான இடைவெளியை மென்பொருள் மற்ற இரண்டிலும் ஏலத்தை உயர்த்திச் செலவழிக்கிறது. சொன்ன வேலையைத்தான் அது செய்கிறது. கடைப் பெயரை விலக்கிவிட்டுக் கணக்கிட்டால் 55 ஆர்டருக்கு 48,000 ரூபாய்; ஓர் ஆர்டருக்கு 873. தவிர, பெயரைத் தேடி வந்தவர்களில் ஒரு பகுதியினர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். அப்படியானால் மற்ற கேம்பெயின்களைத் தாங்கிப் பிடித்த அந்த மலிவு சராசரியே பாதி மாயை.

ஆனாலும் 1,600 என்ற எண்ணை மட்டும் வைத்து சோபா கேம்பெயினை நிறுத்திவிடக் கூடாது. ஒரு சோபாவில் கடைக்கு 4,000 ரூபாய் லாபமும் மெத்தையில் 700 ரூபாயும் நின்றால், சோபாதான் நன்றாக ஓடுகிறது. தவறு ஒரே இலக்கின்கீழ் அவற்றைக் கட்டியதில் இருக்கிறது. அப்போது ஆர்டரின் மதிப்பைக் கணினிக்கு அனுப்பி, செலவுக்கு எத்தனை மடங்கு வருமானம் என்ற Target ROAS இலக்குக்கு மாறலாம், அல்லது சோபாவுக்குத் தனி இலக்கு தரலாம். லாபம் 1,000 ரூபாய்தான் என்றால் ஒவ்வொரு சோபாவிலும் 600 ரூபாய் நஷ்டம். அது தொகுப்பிலிருந்து வெளியே வர வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க, உத்தியின் மொத்த அறிக்கையோடு நிற்காமல் கேம்பெயின் வாரியான செலவையும் ஆர்டரையும் எடுக்க வேண்டும். கடைசிச் சில நாட்களை விட்டுவிடுவது நல்லது. விளம்பரத்தைச் சொடுக்கியவர் பல நாள் கழித்து வாங்கினால், அந்த ஆர்டர் இன்னும் பதிவாகியிருக்காது. மீதியில் குறைந்தது ஒரு மாத அளவைப் பார்த்து, மலிவான கேம்பெயினை நீக்கி, எஞ்சியவற்றின் சராசரியைத் தனியே போட வேண்டும். போர்ட்ஃபோலியோவில் சேர்ப்பதற்கு முன் இருந்த பங்கைவிட, பலவீனமான கேம்பெயின் செலவில் அதிகப் பங்கும் ஆர்டரில் அதே பங்கும் எடுத்திருந்தால், மற்றவற்றின் மிச்சத்தில் அது ஓடுகிறது என்று கொள்ளலாம். பிரித்தபின் ஏலம் புதிய இலக்குக்கு ஏற்பச் சீராகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மறுபடி எண்ணைத் தொடாமல் இருப்பது அவசியம்.