தாய்க்கும் சேய்க்கும் நடுவே ஒரு சர்க்கரைக் கணக்கு

"எங்க வீட்டுல யாருக்குமே சுகர் கிடையாதே டாக்டர், எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" ஆறு மாதக் கர்ப்பிணிகள் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பது மகப்பேறு மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டில் அதற்குள் விசாரணை தொடங்கியிருக்கும். வளைகாப்பில் சாப்பிட்ட இனிப்பு, மாமியார் நறுக்கிக் கொடுத்த மாம்பழம் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். ஆனால் இந்தச் சர்க்கரை ஏற முதல் காரணம் சமையலறையில் இல்லை, கருப்பைக்குள் இருக்கிறது. குழந்தைக்குச் சாப்பாடு போடும் நஞ்சுக்கொடிதான் அது.

குழந்தை பிறந்து சில நிமிடங்களில் நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிடும். செவிலியர் அதைத் தட்டில் பரப்பி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். குழந்தை இருந்த பக்கம் வழவழப்பாக, சாம்பல் கலந்த நீலத்தில் பளபளக்கும். நடுவில் தொப்புள்கொடி நிற்க, அதிலிருந்து தடித்த இரத்தக்குழாய்கள் நாலா பக்கமும் பிரிந்து ஓடும். திருப்பினால், கருப்பையில் ஒட்டியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, இருபதுக்குக் குறையாத அல்லது சற்றுக் குறைந்த மடல்களாகப் பிரிந்து கிடக்கும். ஒரு மடல் குறைந்தாலும் அது உள்ளே தங்கிவிட்டது என்று பொருள், இரத்தப்போக்கு நிற்காது. அதனால்தான் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். எடை சுமார் அரைக் கிலோ, அகலம் ஒரு சாண். பார்த்து முடித்ததும் அப்புறப்படுத்திவிடுவார்கள்.

இந்த உறுப்பைப் பற்றிப் பலருக்கும் தெரியாத செய்தி, இது தாயின் உறுப்பு அல்ல என்பது. கருவுற்ற முட்டை பிளந்து பெருகும்போது உள்ளே இருக்கும் செல்கள் குழந்தையாகின்றன, வெளிச்சுற்றில் இருப்பவை நஞ்சுக்கொடியாகின்றன. அதாவது இது குழந்தையின் பாகம். தாயின் கருப்பைச் சுவருக்குள் நுண்ணிய விரல்களைப் போல் கிளைகளை நீட்டி, தாயின் இரத்தத்தில் நேரடியாக நனைந்து நிற்கிறது. இந்த விரல்களை எல்லாம் பிரித்து விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும், ஒரு படுக்கையறையின் தரை அளவு. கடைசி மாதங்களில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் தாயின் இரத்தம் இந்த விரல்களைச் சுற்றிப் பாய்கிறது. குழந்தையின் இரத்தம் விரல்களுக்கு உள்ளே ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய படலம். அந்தப் படலத்தின் வெளி அடுக்கில் தனித்தனி செல்களுக்கு எல்லைச் சுவரே கிடையாது. பல செல்கள் ஒன்றாய்க் கரைந்து, எல்லா விரல்களையும் போர்த்திய ஒரே நீண்ட செல்லாகிவிட்டன. குழந்தைக்கு உணவை உள்ளே விடுவதும் இதுதான், தாயின் உடலுக்குள் ஹார்மோன்களை அனுப்புவதும் இதுதான்.

காலவரிசைப்படி பார்த்தால் உத்தரவு முதலில், உணவு பிறகுதான். முதல் இரண்டரை மாதங்களுக்குத் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழுதாகப் பாய்வதில்லை. கருப்பைச் சுரப்பிகளின் நீரிலிருந்துதான் கரு உணவெடுக்கிறது. ஆனால் கரு ஒட்டிய சில நாட்களிலேயே எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்தில் இறங்கிவிடுகிறது. வீட்டில் சிறுநீர் விட்டுப் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டாவது கோடு போடுவது இதுதான். முட்டையை வெளியிட்ட சினைப்பையில் மிஞ்சும் மஞ்சள் நிறத் திசுவைக் காய்ந்துபோக விடாமல் வைத்திருப்பதே அதன் வேலை. அந்தத் திசு சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் கருப்பையைச் சுருங்கவிடாமல் கர்ப்பத்தைத் தாங்குகிறது. எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதை 1970-களில் ஆர்பாட் சாப்போ என்ற ஆய்வாளர் காட்டினார். ஏழு வாரத்துக்கு முன் அந்தத் திசுவை அகற்றினால் கரு கலைந்தது. ஒன்பது வாரத்துக்குப் பின் அகற்றினால் கர்ப்பம் தொடர்ந்தது. இடையில் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடியே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இனி சர்க்கரைக்கு வருவோம். வளரும் குழந்தைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அதைக் குழந்தை சொந்தமாகத் தயாரிப்பது மிகக் குறைவு, ஏறக்குறைய எல்லாமே தாயிடமிருந்து வர வேண்டும். புரதத்தின் மூலக்கூறான அமினோ அமிலங்களை நஞ்சுக்கொடி சக்தி செலவழித்து உள்ளே இழுக்கிறது. அதனால் தாயின் இரத்தத்தில் குறைவாக இருந்தாலும் குழந்தைக்குக் கூடுதலாகவே கிடைக்கும். குளுக்கோஸுக்கு அந்த ஏற்பாடு இல்லை. படலத்தில் அதற்கென்று வாசல்கள் உண்டு, ஆனால் இழுக்கும் இயந்திரம் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல, தாயிடம் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அவ்வளவுதான் குழந்தைப் பக்கம் போகும். போகும் வழியில் நஞ்சுக்கொடி தன் செலவுக்கும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். சாதாரணமாக நாம் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கொழுப்பும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை மளமளவென்று எடுத்துக்கொள்கின்றன. தாயின் உடல் இதே வேகத்தில் எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன? ஆகவே நஞ்சுக்கொடி தாயின் இன்சுலின் வேலை செய்யாதபடி மெல்லத் தடுக்கிறது. ஹெச்.பி.எல். எனப்படும் நஞ்சுக்கொடி லாக்டோஜன், நஞ்சுக்கொடியே தயாரிக்கும் ஒரு வகை வளர்ச்சி ஹார்மோன், புரோஜெஸ்டிரோன் என்று பலவும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. தாய் தன் தேவைக்குக் கொழுப்பை எரித்துக்கொள்ளட்டும், சர்க்கரை குழந்தைக்கு இருக்கட்டும் என்ற ஏற்பாடு. நஞ்சுக்கொடி பெரிதாகப் பெரிதாக இந்த ஹார்மோன்களும் ஏறும். அதனால்தான் முதல் மூன்று மாதம் சரியாக இருந்த சர்க்கரை ஆறாம் மாதத்தில் உயர்கிறது.

1993-ல் டேவிட் ஹெய்க் என்ற பரிணாம உயிரியலாளர் இதைத் தாய்க்கும் கருவுக்கும் இடையிலான இழுபறியாகவே விளக்கினார். குழந்தை கூடுதலாகக் கேட்கிறது, தாய் அளந்து கொடுக்கப் பார்க்கிறாள். இழுபறி என்ற சொல் கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், ஆனால் நடப்பதை அது சரியாகவே சொல்கிறது.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நஞ்சுக்கொடி இதைச் செய்கிறது. பெரும்பாலோருக்குக் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். பரம்பரை, உடல் எடை, வயது ஆகியவை கணையத்தின் கையிருப்பைத் தீர்மானிக்கின்றன. தெற்காசியப் பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆக, வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லாதவருக்கும் இது வரலாம்.

வந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? தாயின் குளுக்கோஸ் படலத்தைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. எனவே மிகுதியாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் குட்டிக் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் போலவும் வேலை செய்யும். குழந்தை கொழுப்புச் சேர்த்துப் பெருக்கும், தோள் அகன்றுவிடும், பிரசவத்தில் தோள் சிக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது, குழந்தையின் இன்சுலின் மட்டும் உடனே அடங்குவதில்லை. சில மணி நேரத்தில் அதன் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரியலாம். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். இத்தகைய குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதும், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கண்டுபிடிக்க நம் ஊரில் ஓர் எளிய வழி உண்டு. 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், காலையில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றோடு வெகுதூரம் பஸ்ஸில் வரும் கிராமத்துப் பெண்களை மனதில் வைத்து இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. வெறும் வயிற்றில் செய்யும் முறையோடு ஒப்பிட்டால் இது சிலரைத் தவறவிடுகிறது என்ற விமர்சனமும் மருத்துவர்களிடையே உண்டு. முதல் பரிசோதனை கர்ப்பம் தெரிந்தவுடன், அடுத்தது 24 முதல் 28 வாரத்துக்குள். முதல் முறை சரியாக இருந்ததென்று இரண்டாவதை விட்டுவிடுபவர்கள், நஞ்சுக்கொடியின் ஹார்மோன் உச்சத்தை நெருங்கும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 26-வது வாரத்தில் ஒரு பெண்ணுக்கு 158 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மருந்து கிடையாது. இரண்டு வாரம் உணவை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு வேளை சோற்றுக் குவியலைக் குறைத்து, நாளை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, காய்கறியும் பருப்பும் கூட்டுவார்கள். பட்டினி போடச் சொல்வதில்லை. கர்ப்பிணியின் உடல் பசியில் வெகு சீக்கிரம் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும், அது நல்லதல்ல. "ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்ற பேச்சையும் ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 134. இலக்கு 120-க்குள். இனி இன்சுலின் அல்லது மெட்பார்மின். மெட்பார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. இன்சுலின் ஊசி குழந்தையைப் பாதிக்குமோ என்று பயந்து மறுப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். சில யூனிட்டுகளில் தொடங்கும் அளவு வாரம் செல்லச்செல்ல ஏறும். மருந்து கேட்கவில்லை என்று பதற வேண்டாம், நஞ்சுக்கொடி வளர்கிறது, அவ்வளவுதான். மாறாக, கடைசி வாரங்களில் தேவை காரணமின்றிச் சடாரென்று குறைந்தால் மருத்துவர்கள் உஷாராவார்கள். நஞ்சுக்கொடி தளர்ந்துவிட்டதோ என்று ஸ்கேனில் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள்.

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்கள் இரத்தத்திலிருந்து வேகமாக மறைகின்றன. இந்தப் பெண்ணைப் போன்ற பெரும்பாலோருக்கு அன்றே இன்சுலின் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் கணையத்தின் கையிருப்பு குறைவு என்பது அந்த ஒன்பது மாதத்தில் தெரிந்துபோய்விட்டது. இவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வருகிறது. பிரசவமான 6 வாரத்தில் மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பலர் செய்வதில்லை, சர்க்கரைதான் போய்விட்டதே என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு 6-வது வாரத் தடுப்பூசி போட எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அன்று தாயும் இரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.