கொழுந்து எங்கே தேங்குகிறது?

திருகோணமலைத் துறைமுகத்தில் பல கப்பல்கள் நிற்கலாம். ஆனால் சீனக்குடா மாவாலைக்கு வரும் கோதுமைக் கப்பல் ஆலையின் துறைமேடையில்தான் இறக்கவேணும். மேடை காலியாகும்வரை நங்கூரந்தான்.

நம்ம ஸ்டோரிலும் அப்படித்தான். ஒரு பேச்சுக்கு, வாட்டும் தட்டுகள் நாளுக்கு 12,000 கிலோ கொழுந்தைத் தாங்கும், டிரையர் 9,000 கிலோவுக்குரியதைத்தான் காயவைக்கும் என்று வைப்போம். திங்களன்று 12,000 வந்தால், அரைத்த இலையில் ஒரு பங்கு டிரையருக்கு முன்னால் கிடந்து அளவுக்கு மீறிப் புளிக்கும், சாயம் மங்கிப்போகும். ரோதையை வேகமாக ஓட்டினால் குவியல்தான் கூடும்.

அதனால்தான் டிரையரைப் பார்த்து வாரத்தைப் போடச் சொல்கிறோம். ஆறு நாளும் 9,000 தாண்டாதபடி மலைகளைப் பிரித்துக் கொழுந்தெடுக்கணும். டிரையரைச் சுத்தம் செய்வது ஞாயிறு. எந்த வேலையிலும் தடை எதுவென்று அறிய, தினமும் எதற்கு முன்னால் குவியல் நிற்கிறது என்று பாருங்கள்.