காஸ்ட் ஷீட்ல 42 லட்சம், பி அண்ட் எல்-ல 31.5 லட்சம்: எந்த லாபம் சரி?

திருவெள்ளறையிலிருந்து திருச்சிக்கு துறையூர் ரோட்டில் வந்தா வழியில மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசிக்குப் பேர் போன ஊர், ரைஸ் மில்லும் நிறைய. அதனால இன்னைக்கு கணக்கை ஒரு ரைஸ் மில்லை வெச்சே பார்ப்போம். மில் கற்பனை, எண்களும் நான் போட்டவைதான். ஆனா அந்த எண்கள் வர்ற விதம் எந்த மில்லிலும் இப்படித்தான் இருக்கும்.

மில் ஒரே முதலாளிக்குச் சொந்தம். குவிண்டாலுக்கு என்ன செலவாகுதுன்னு தெரிஞ்சுக்க அவர் எக்ஸெல்லில் ஒரு காஸ்ட் ஷீட் வெச்சிருக்கார். வருஷக் கடைசியில அதுல லாபம் 42 லட்சம். ஆடிட்டர் முடிச்சுக் கொடுத்த லாப நட்டக் கணக்குல 31.5 லட்சம். வித்தியாசம் 10.5 லட்சம். பேங்க் கேஷ் கிரெடிட்டுக்குக் கட்டின வட்டி 11 லட்சம், அது காஸ்ட் ஷீட்ல இல்ல. "அட, வட்டிதான் வித்தியாசம், மீதி ஏதோ சில்லறை"ன்னு ஃபைலை மூடிட்டார்.

இங்கதான் சிக்கல். வட்டி ஒரு காரணம், சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குப் பின்னாடி ஒன்றையொன்று அடிச்சுக்கிட்ட 24 லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசங்கள் ஒளிஞ்சிருக்கு. மொத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

முதல்ல வட்டியையே முடிச்சுடுவோம். காஸ்ட் ஷீட் கேட்கிற கேள்வி, நெல்லை அரிசியாக்க என்ன செலவு என்பது. சொந்தப் பணத்துல நெல் வாங்கினாலும் கடன்ல வாங்கினாலும் ஊறவைக்கிற, அவிக்கிற, அரைக்கிற செலவு ஒண்ணுதான். அதனால இவர் வட்டியை வெளியே வெச்சது தப்பில்ல. அதே காரணத்துக்காக பேங்க் டெபாசிட்டில் வந்த வட்டி 80 ஆயிரமும் காஸ்ட் ஷீட்ல வராது, நிதிக் கணக்குல வரும்.

இதுக்கு நேர் எதிரான ஒண்ணு இருக்கு. மில் கட்டடம் சொந்தம். ஆனா வாடகைக்கு எடுத்திருந்தா மாசம் 40 ஆயிரம் ஆகியிருக்கும்னு 4.8 லட்சத்தையும், தன் உழைப்புக்கு மாசம் 50 ஆயிரம்னு 6 லட்சத்தையும் காஸ்ட் ஷீட்ல செலவா எழுதியிருக்கார். வாடகைக் கட்டடத்துல ஆள் வெச்சு ஓட்டுற மில்லோட விலையில போட்டி போட முடியுமான்னு பார்க்க இது நல்ல பழக்கம். பணம் யாருக்கும் போகல என்பதால நிதிக் கணக்குல இந்த 10.8 லட்சம் இருக்காது. ஆக நிதி லாபம் அந்த அளவு கூடும். (சட்டப்படி காஸ்ட் ரெக்கார்ட்ஸ் வைக்க வேண்டிய கம்பெனிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்க இப்படிக் கற்பனைச் செலவு எழுத காஸ்ட் அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட்ஸ் இடம் தராது. காஸ்ட் ஆடிட் வரம்புக்குள் வர்ற கம்பெனிகள் இந்த லாபச் சமரசத்தை சி.ஆர்.ஏ-3 படிவத்திலேயே காட்டணும்.)

அடுத்து மழையில நனைஞ்சு வீணான நெல், 1.5 லட்சம். வழக்கமான சேதாரம் குவிண்டால் செலவுல சேரும். இது எப்பவாவது நடக்கிறது. இதைச் சேர்த்தா அடுத்த வருஷ விலை தப்பாப் போகும். அதனால காஸ்ட் ஷீட் தள்ளிவிட்டது, நிதிக் கணக்கு ஏத்துக்கிட்டது. தேய்மானமும் இதே மாதிரிதான். 90 லட்ச ரூபாய் மெஷினுக்கு 15 வருஷம்னு சமமாப் பிரிச்சு காஸ்ட் ஷீட்ல 6 லட்சம். ஆடிட்டர் வருமான வரி முறையில, மீதி மதிப்பு 65 லட்சத்துக்கு 15 சதவீதம், 9.75 லட்சம் போட்டிருக்கார். வித்தியாசம் 3.75 லட்சம்.

இப்ப ஸ்டாக். மில்லுக்கு மார்ச் 31 ரொம்பச் சங்கடமான தேதி. சம்பா அறுவடை தை, மாசியில முடிஞ்சு குடோன் நிரம்பியிருக்கிற நேரம். மதிப்புல சின்ன மாற்றம்கூட லாபத்தைப் பெரிசா அசைக்கும். கைவசம் 1,500 குவிண்டால் அரிசி. காஸ்ட் ஷீட்படி குவிண்டால் 4,000 ரூபாய். வித்தா செலவு போக நிக்கிற விலை 3,850தான். அடக்க விலை, விற்றால் நிற்கும் விலை, ரெண்டுல எது குறைவோ அதைத்தான் நிதிக் கணக்குல எடுக்கணும். ஆக இறுதி இருப்பு 2.25 லட்சம் குறைவு, லாபமும் அவ்வளவு குறைவு.

ஆரம்ப இருப்புல கதை தலைகீழ். அது காஸ்ட் ஷீட்ல 20 லட்சம், நிதிக் கணக்குல 19.2 லட்சம். ஆரம்ப இருப்பு இந்த வருஷத்துக்குச் செலவு. செலவு 80 ஆயிரம் குறைஞ்சா நிதி லாபம் 80 ஆயிரம் கூடும். பலர் ரெண்டு இருப்பையும் ஒரே பக்கம் போட்டுடுவாங்க.

கடைசியா, எனக்கு முக்கியமாப் படுறது. மில்லோட நிலையான செலவு, அதாவது நிரந்தர ஆட்கள் சம்பளம், மின் இணைப்புக்கான மாதக் கட்டணம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 37.4 லட்சம். வருஷத்துக்கு 34,000 குவிண்டால் நெல் அரைப்போம்னு நினைச்சு குவிண்டாலுக்கு 110 ரூபாய் ஏத்தினார். அரைச்சது 30,000தான். காஸ்ட் ஷீட் பிடிச்சது 33 லட்சம். மீதி 4.4 லட்சம் எந்த மூட்டை மேலயும் ஏறாம நின்னுடுச்சு. நிதிக் கணக்கு மொத்தத்தையும் எழுதிடுச்சு.

எல்லாத்தையும் எழுதிப் பார்த்தா (லட்சத்தில்):

காஸ்ட் ஷீட் லாபம்: 42.00
கூட்டல், கற்பனை வாடகை, முதலாளி சம்பளம்: 10.80
கூட்டல், டெபாசிட் வட்டி: 0.80
கூட்டல், ஆரம்ப இருப்பு: 0.80
கழித்தல், பேங்க் வட்டி: 11.00
கழித்தல், நனைந்த நெல்: 1.50
கழித்தல், தேய்மானம்: 3.75
கழித்தல், இறுதி இருப்பு: 2.25
கழித்தல், ஏறாத நிலையான செலவு: 4.40
நிதிக் கணக்கு லாபம்: 31.50

கடைசியில ஏதாவது மீதி நின்னா அதைப் பாதியாக்கிப் பாருங்க. 1.6 லட்சம் இடிச்சா பாதி 80 ஆயிரம். ஆரம்ப இருப்பையோ டெபாசிட் வட்டியையோ கூட்டறதுக்குப் பதிலாக் கழிச்சிருப்பீங்க.

பேங்கும் வருமான வரியும் பார்க்கிறது 31.5 லட்சத்துலிருந்துதான். விலை பேச உதவுறது காஸ்ட் ஷீட். ஆனா வட்டியோட நிறுத்திட்ட முதலாளி அந்த 4.4 லட்சத்தைப் பார்க்கவே இல்ல. ஒரு வியாபாரி 4,000 குவிண்டால் நெல்லைக் கூலிக்கு அரைச்சுத் தரச் சொல்லி குவிண்டாலுக்கு 90 ரூபாய் தர்றேன்கிறார்னு வெச்சுக்கோங்க. காஸ்ட் ஷீட்ல நிலையான செலவே 110, நஷ்டம்னு வேண்டாம்னுடுவார். ஆனா மில் நின்னாலும் அந்த 110 போகத்தான் போகுது. கூடுதலா ஓடற யூனிட் கரண்டு, கொதிகலன் உமி, ஏத்து இறக்குக் கூலி எல்லாம் குவிண்டாலுக்கு 55 ரூபாய்னா, மிச்சம் 35 ரூபாய். 4,000 குவிண்டாலுக்கு 1.4 லட்சம். சீசன்ல சொந்த நெல்லுக்கே மெஷின் போதலைன்னா மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதனால கூலி நெல்லை எந்த மாசத்துல அனுப்புவீங்கன்னு வியாபாரிகிட்ட முதல்லயே பேசிடுங்க.